உச்சிக்குப் போய்த் திரும்பிய விலை

2011 ஏப்ரல் 25, திங்கட்கிழமை. ஈஸ்டர் விடுமுறை என்பதால் லண்டன் சந்தை மூடிக் கிடந்தது. ஆசியச் சந்தைகள் திறந்ததுமே வெள்ளி விலை துள்ளியது. ஜனவரிக் கடைசியில் அவுன்ஸ் 30 டாலருக்குக் கீழே கிடைத்த உலோகம், அன்று நியூயார்க் ஃபியூச்சர்ஸில் 49 டாலர் 80 சென்ட் பக்கம் வரை போனது. 1980 ஜனவரியில் அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்தபோது எட்டிய 50 டாலர் உச்சத்தை, 31 ஆண்டுகளுக்குப் பிறகு விலை உரசிப் பார்த்த நாள் அது. ஆனால் நாள் முடிவில் விலை நின்ற இடம் 47 டாலர் சுமார்தான். முந்தைய முடிவைவிட ஒரு டாலர் கூடுதல் என்பதால், செய்திகளில் அது 'ஏற்றம்' என்றே பதிவானது.

சார்ட் பார்க்கிறவர்களின் கண்ணில் பட்டது வேறு. அன்றைய கேண்டிலின் தலைக்கு மேல் இரண்டரை டாலருக்கு மேற்பட்ட நீளத்தில் ஒரு ஒல்லிக் கோடு நின்றது. அந்த உயரத்துக்கு விலை போயிருக்கிறது, ஆனால் அங்கே தங்க முடியவில்லை. நீண்ட ஏற்றத்தின் உச்சியில் இப்படி வரும் கேண்டிலுக்கு ஷூட்டிங் ஸ்டார் என்று பெயர்.

இதே உருவம் நீண்ட இறக்கத்தின் அடியில் வந்தால் பெயர் இன்வர்ட்டட் ஹேமர். இரண்டையும் தனியே வெட்டி எடுத்து ஒரு தாளில் ஒட்டிக் கொடுத்தால், எது எது என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. முதலாவது, ஏற்றம் முடியலாம் என்கிறது. இரண்டாவது, இறக்கம் முடியலாம் என்கிறது. ஒரே கேண்டிலை வைத்துக்கொண்டு இப்படி எதிரெதிராகப் பேசுவது எப்படிச் சரியாகும் என்ற சந்தேகம் புதிதாகப் படிக்கும் எல்லாருக்கும் வரும். நியாயமான சந்தேகம்தான்.

முதலில் உருவம். ஒரு நாளின் ஆரம்ப விலைக்கும் முடிவு விலைக்கும் இடைப்பட்ட தடித்த பகுதி பாடி. மேலும் கீழும் நீளும் கோடுகள் விக். அன்றைய உச்ச விலையையும் அடி விலையையும் அவை காட்டுகின்றன. நம் கேண்டிலில் பாடி சின்னது, அன்றைய வீச்சின் அடிப்பகுதியில் உட்கார்ந்திருக்கும். மேல் விக் பாடியைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு நீளம். கீழ் விக் இருக்கவே கூடாது, இருந்தாலும் பேருக்குத்தான் இருக்க வேண்டும். பாடி பச்சையா சிவப்பா என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஸ்டார் சிவப்பாக முடிந்தால் கொஞ்சம் கூடுதல் பலம், ஹேமர் பச்சையாக முடிந்தால் கொஞ்சம் கூடுதல் பலம், அவ்வளவுதான்.

இந்த ஜப்பானிய முறையை மேற்கத்திய வாசகர்களிடம் பெரிய அளவில் கொண்டுசேர்த்தவர் ஸ்டீவ் நிசன். 1991இல் வந்த அவருடைய புத்தகத்துக்குப் பிறகுதான் உலகம் முழுக்க புரோக்கர் திரைகளில் கேண்டில் குடியேறியது. இந்த இரண்டு கேண்டில்களையும் அவர் சமமாக நடத்தவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இன்வர்ட்டட் ஹேமருக்கு மறுநாளின் உறுதி கட்டாயம் வேண்டும் என்கிறார். ஷூட்டிங் ஸ்டார் விஷயத்தில் அந்த அளவுக்கு அழுத்தவில்லை.

காரணத்தை அந்தக் கேண்டிலுக்குள்ளேயே தேடலாம். ஸ்டாரில் உருவமும் பொருளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன. வாங்குகிறவர்கள் விலையை மேலே தள்ளினார்கள். மேலே விற்கிறவர்கள் காத்திருந்தார்கள். மாலைக்குள் விலை திரும்பிவிட்டது. விற்பனை ஜெயித்தது, ஆகவே இறக்கம் வரலாம் என்று சொல்வதில் குழப்பம் ஒன்றுமில்லை. ஹேமரிலும் நடந்தது இதேதான். இறங்கிக்கொண்டிருந்த பங்கை யாரோ மேலே தூக்கிப் பார்த்தார்கள். விற்கிறவர்கள் மறுபடி அமுக்கினார்கள். நாள் அடிமட்டத்துக்குப் பக்கத்தில் முடிந்தது. இதில் நல்ல செய்தி எங்கே இருக்கிறது?

மறுநாள்தான் அது தெரியும். ஹேமர் நாளில் அடிமட்ட விலையில் ஷார்ட் அடித்தவர்கள், அதாவது கையில் இல்லாததை விற்று, பிறகு மலிவாக வாங்கிக் கணக்கை நேர்செய்யலாம் என்று நினைத்தவர்கள், நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். மறுநாள் காலை விலை அந்தச் சின்ன பாடிக்கு மேலே திறந்தால், அவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் நஷ்டத்தில் நிற்கிறார்கள். தப்பிக்க வேண்டுமானால் வாங்கியாக வேண்டும். அந்தக் கட்டாயக் கொள்முதல்தான் விலையை மேலே நகர்த்துகிறது. மறுநாள் அப்படித் திறக்கவில்லை என்றால் யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. அந்தக் கேண்டிலுக்கும் பொருள் ஒன்றும் இல்லை.

புள்ளிவிவரமும் ஏறத்தாழ இதையே சொல்வதுபோல் தெரிகிறது. அமெரிக்கப் பங்குகளில் கேண்டில் உருவங்களை எண்ணிப் பார்த்து தாமஸ் புல்கோவ்ஸ்கி 2008இல் ஒரு கலைக்களஞ்சியமே வெளியிட்டார். ஒற்றை ஷூட்டிங் ஸ்டார் வந்த இடங்களில் 59 சதவீதத்தில் விலை இறங்கியது. இன்வர்ட்டட் ஹேமர் வந்த இடங்களில், புத்தகங்கள் சொல்வதற்கு நேர்மாறாக, 65 சதவீதத்தில் இறக்கம் தொடர்ந்தது. ஸ்டார் நம்பகமானது, ஹேமர் ஏமாற்றுவது என்று இதைப் பார்த்ததும் முடிவு கட்டத் தோன்றும். அங்கேதான் நின்று யோசிக்க வேண்டும்.

புல்கோவ்ஸ்கியின் கணக்கு எளிமையானது. கேண்டிலின் உச்சத்துக்கு மேல் ஒரு முடிவு விலை முதலில் வருகிறதா, அடிக்குக் கீழே முதலில் வருகிறதா என்று பார்ப்பார். இப்போது கேண்டிலைப் பாருங்கள். அதன் பாடி அடியை ஒட்டியே இருக்கிறது. ஒரு பங்கு 402க்கும் 415க்கும் இடையே ஓடி 403இல் முடிந்தது என்றால், அடிமட்டத்தைத் தாண்ட ஒரு ரூபாய் போதும். உச்சத்தைத் தாண்டப் பன்னிரண்டு ரூபாய் வேண்டும். வாசற்படியில் நிற்கிறவர் வெளியே போகும் வாய்ப்பு, கொல்லைப்புறக் கதவை அடையும் வாய்ப்பைவிட அதிகம். இதைக் கணிக்க ஜோசியம் வேண்டாம். விலை எந்த நோக்கமும் இல்லாமல் அலைந்தாலே பெரும்பாலும் கீழ்ப்பக்கம்தான் முதலில் உடையும். ஆக அந்த 59லும் 65லும் கணிசமான பங்கு சந்தையின் மனநிலையைக் காட்டுவதல்ல, கேண்டிலின் வடிவத்திலிருந்தே வருவது.

இதிலிருந்து கன்ஃபர்மேஷன் விதியைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம் வெளிவருகிறது. 'அடிக்குக் கீழே முடிந்தால் ஸ்டார் உறுதி' என்பது மலிவான உறுதி. அடிக்கடி கிடைக்கும், அதனாலேயே அதன் மதிப்பும் குறைவு. 'உச்சத்துக்கு மேலே முடிந்தால் ஹேமர் உறுதி' என்பது விலை உயர்ந்த உறுதி. அரிதாகவே கிடைக்கும், கிடைத்தால் அதில் சாரம் இருக்கும். இரண்டுக்கும் ஒரே விதியை அப்படியே கண்ணாடியில் திருப்பிப் போடுவது சரிவராது.

ஒரு கற்பனைப் பங்கை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். மூன்று வாரங்களில் 340இலிருந்து 400க்கு ஏறியிருக்கிறது. இன்று 406இல் திறந்து, 415 வரை போய், 402 வரை இறங்கி, 403இல் முடிந்தது. பாடி 3 ரூபாய், மேல் விக் 9 ரூபாய், கீழ் விக் 1 ரூபாய். உருவம் பொருந்துகிறது. மறுநாள் விலை பகலில் 400 தொட்டுவிட்டு 404இல் முடிந்தால் அது உறுதியல்ல. நாள் நடுவில் அடி உடைந்தது கணக்கில் வராது, முடிவு விலைதான் வரும். 401இல் முடிந்தால் ஏட்டுப்படி உறுதி. ஆனால் ஒரு ரூபாய் வித்தியாசத்தை நம்பி முடிவெடுக்க அனுபவசாலிகள் தயங்குவார்கள். மறுநாள் 402இல் திறந்து 396இல் முடிந்தால்? அந்தக் கேண்டிலுக்கு ஒரு கனமான சிவப்பு பாடி இருக்கிறது, முடிவும் அன்றைய அடியை ஒட்டி வருகிறது. அப்போதுதான் விற்கிறவர்கள் இரண்டாம் நாளும் களத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

முறியும் விதியும் இதோடு சேர்ந்தே எழுதப்பட வேண்டும். 415க்கு மேல் ஒரு முடிவு வந்தால் ஸ்டார் செத்தது. எத்தனையோ ஸ்டார்கள் இப்படிச் சாகின்றன. ஏற்றம் வலுவாக இருக்கும்போது நீண்ட மேல் விக் ஒரு நாள் மூச்சுவாங்கலாகவே முடிந்துவிடும். மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் 402க்கும் 415க்கும் நடுவே இரண்டு மூன்று நாள் ஊர்ந்தால் அதுவும் காலாவதிதான். ஐந்தாம் நாள் விலை இறங்கும்போது பழைய ஸ்டாரைக் காட்டி 'அப்போதே சொன்னேனே' என்பவர்கள் உண்டு. அதை உறுதி என்று சொல்ல முடியாது.

காத்திருப்பதற்குச் செலவும் உண்டு. ஸ்டார் நாளின் முடிவிலேயே, 403இல், நடவடிக்கை எடுத்தவருக்கு ஸ்டாப் லாஸ் 415க்குச் சற்று மேலே. பங்குக்கு 12 ரூபாய் ஆபத்து. உறுதிக்குக் காத்திருந்து 396இல் இறங்கியவருக்கும் ஸ்டாப் லாஸ் அதே இடம்தான். ஆபத்து 19 ரூபாய். உறுதி கிடைத்த தெம்பில் பலர் இதே இடத்தில் எண்ணிக்கையைக் கூட்டுவார்கள். செய்ய வேண்டியது நேரெதிர். 2,400 ரூபாய்க்கு மேல் இழக்க முடியாது என்று வைத்திருப்பவர் முதல் வழியில் 200 பங்கு எடுக்கலாம். இரண்டாவது வழியில் 126தான். மறுநாள் ஒரேயடியாக 385இல் திறந்துவிட்டால் உறுதி உறுதிதான், ஆனால் ஓடிப்போய்ப் பிடிப்பதில் லாபமில்லை. 30 ரூபாய் ஆபத்துக்கு எதிரே கீழே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போட்டால் கை தானாகப் பின்வாங்கும்.

ஹேமர் பக்கம் இன்னொரு பங்கு. 260இலிருந்து இறங்கி 205 பக்கம் வந்திருக்கிறது. இன்று 204இல் திறந்து, 213 வரை எகிறி, 203 தொட்டு, 206இல் முடிந்தது. மறுநாள் 208இல் திறக்கிறது. நிசன் சொன்னபடி பாடிக்கு மேலே. பொறுமையில்லாதவர் இங்கேயே வாங்குவார். கொஞ்சம் பொறுத்தவர் அன்றைய முடிவும் 206க்கு மேல் நிற்கிறதா என்று பார்ப்பார். கறாரானவர் 213க்கு மேல் முடிவு கேட்பார். அது 214.50இல் முடிந்தால், நேற்று விலையை அமுக்கிய அதே இடத்தை இன்று வாங்குகிறவர்கள் விழுங்கிவிட்டார்கள் என்று பொருள். ஸ்டாப் லாஸ் 203க்குக் கீழே, ஆபத்து பதினொன்றரை ரூபாய். மாறாக, மறுநாள் 205இல் திறந்து 199இல் முடிந்தால் கேண்டில் முறிந்தது, இறக்கம் தொடர்கிறது. இந்த இரண்டாவது முடிவுதான் அதிகம் வரும் என்று எதிர்பார்த்தே உட்கார வேண்டும். ஹேமரைப் பார்த்ததுமே வாங்கிவிட்டு, உறுதியைப் பிறகு தேடுகிறவர்கள்தான் இந்தக் கேண்டிலிடம் அதிகம் அடிபடுகிறவர்கள்.

சூழல் இல்லாமல் இவ்வளவும் வீண். 395க்கும 410க்கும் நடுவே ஒரு மாதமாகப் பக்கவாட்டில் உருண்டுகொண்டிருக்கும் பங்கில் வரும் நீண்ட விக்கிற்குத் திருப்புவதற்கு எந்தப் போக்கும் இல்லை. ஸ்டாருக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியும் ஏற்றம் வேண்டும். அதோடு அது வந்து முட்டும் இடம் ஏற்கெனவே பேர்போன இடமாக இருந்தால் எடை கூடும்: பழைய உச்சம், முன்பு இரண்டு மூன்று முறை விலை திரும்பிய மட்டம். 2011இல் வெள்ளிக்கு 50 டாலர் அப்படிப்பட்ட இடமாக இருந்தது. ஸ்டாரின் பாடி முந்தைய நாளின் பாடியை விட்டு விலகி, இடைவெளியோடு மேலே திறந்திருந்தால் நிசனின் இலக்கண உருவத்துக்கு இன்னும் நெருக்கம். அன்றாடச் சந்தையில் அந்த இடைவெளியை யாரும் கட்டாயமாக்குவதில்லை.

விக் எப்படி உருவானது என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. தினசரி சார்ட்டை விட்டு, அதே நாளின் ஐந்து நிமிட சார்ட்டைத் திறக்க வேண்டும். காலை 9.15க்குச் சந்தை திறந்த முதல் ஐந்து நிமிடத்தில், மெலிந்த வால்யூமில், ஒரே ஒரு பெரிய ஆர்டர் விலையை 415க்குத் தூக்கிவிட்டு, பிறகு நாள் முழுக்க 405 பக்கம் தூங்கியிருந்தால் அந்த விக்கில் விஷயமில்லை. மதியம் வரை படிப்படியாக ஏறி, இரண்டு மணி வாக்கில் 415 அருகே வால்யூம் பெருகி, அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் ஏறியதெல்லாம் கரைந்திருந்தால் கதை வேறு. உச்சத்தில் வாங்கிய நிறையப் பேர் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தினசரி சார்ட்டில் இரண்டும் ஒரே ஸ்டார்தான். தினம் சில ஆயிரம் பங்குகளே கைமாறும் சிறு நிறுவனங்களில் முதல் வகை மலிந்து கிடக்கும்; அங்கே இந்தக் கேண்டில்களைப் படிப்பதே வீண்வேலை.

இன்னொரு தொல்லை முடிவு விலை. பாடி எங்கே முடிகிறது என்பதைத் தீர்மானிப்பது அதுதான். தேசிய பங்குச் சந்தையில் நீண்ட காலமாக, ஒரு பங்கின் அதிகாரபூர்வ முடிவு விலை என்பது கடைசி அரை மணி நேர வியாபாரத்தின் எடையிட்ட சராசரி; 3.30க்கு நடந்த கடைசி வியாபாரத்தின் விலை அல்ல. கடைசிப் பத்து நிமிடத்தில் விலை வேகமாக ஓடிய நாளில் இரண்டுக்கும் சில ரூபாய் வித்தியாசம் வரும். ஒரு செயலி ஒன்றைக் காட்டும், மற்றொரு செயலி இன்னொன்றைக் காட்டும். ஒருவர் திரையில் ஸ்டார், பக்கத்து வீட்டுக்காரர் திரையில் சாதாரண கேண்டில். 3.20 மணிக்கே ஸ்டார் என்று பெயர் வைத்து முடிவெடுப்பது இதனால்தான் ஆபத்து. பாதிக் கேண்டிலுக்குப் பெயர் கிடையாது.

வெள்ளிக்கு என்ன ஆனது? மறுநாள், ஏப்ரல் 26 அன்று, விலை இரண்டு டாலர் சரிந்து 45 பக்கம் முடிந்தது. யார் கேட்டாலும் நல்ல உறுதி என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்த வாரக் கடைசிக்குள் வெள்ளி மறுபடி ஏறி 48 டாலருக்கு மேல் முடிந்தது. 45இல் விற்றவர்கள் மூன்றே நாளில் மூன்று டாலருக்கு மேல் நஷ்டத்தில் நின்றார்கள். 'இன்னும் ஏறிவிடும்' என்று பயந்து 48இல் நஷ்டத்தோடு வெளியேறியவர்களுக்கு அடுத்த காட்சி கிடைக்கவில்லை. மே 2 காலை ஆசியச் சந்தை திறந்ததும் சில நிமிடங்களிலேயே பல டாலர் இறங்கியது. நியூயார்க் ஃபியூச்சர்ஸை நடத்தும் சி.எம்.இ. குழுமம் இரண்டே வாரத்துக்குள் மார்ஜின் தொகையைத் திரும்பத் திரும்ப உயர்த்திக்கொண்டே போனது. கடன் பிடித்து வாங்கியவர்கள் விற்றே ஆகவேண்டிய நிலை. மே 6 அன்று வெள்ளி 35 டாலர் பக்கம் முடிந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஸ்டாப் லாஸ் இருந்த இடம். ஏப்ரல் 25இன் உச்சமான 49.80க்கு மேல் அதை வைத்தவர் தொந்தரவில்லாமல் கடைசி வரை நின்றிருப்பார். 2025 வரை விலை அந்த உச்சத்தை மறுபடி தாண்டவே இல்லை. ஆனால் அப்படி நிற்க, 45க்கும் 49.80க்கும் இடைப்பட்ட ஐந்து டாலர் ஆபத்தைத் தாங்கும் அளவுக்குச் சிறிய அளவில் இறங்கியிருக்க வேண்டும். சரிவு வந்ததற்கு அந்தக் கேண்டில்தான் காரணம் என்று சொல்லவும் முடியாது. 50 டாலருக்கு முன்னால் விற்பனை குவிந்திருக்கிறது என்று மட்டும் அது காட்டியது. தள்ளிவிட்டது மார்ஜின் உயர்வு.

கேண்டில்களின் பலத்தைப் பற்றிக் கல்விப்புல ஆய்வாளர்களின் தீர்ப்பு இன்னும் கடுமை. மார்ஷல், யங், ரோஸ் ஆகிய மூவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீட்டுப் பங்குகளில் கேண்டில் விதிகளை மட்டும் வைத்து வியாபாரம் செய்வதால் லாபம் கிடைத்ததற்குச் சான்று இல்லை என்றார்கள். ஸ்டார், ஹேமர் என்று கத்தும் திரைகளுக்கு முன்னால் உட்காருகிறவர்கள் இதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இந்தியாவில் சாதாரண முதலீட்டாளருக்கு இன்னொரு நடைமுறை எல்லை இருக்கிறது. ரொக்கச் சந்தையில் கையில் இல்லாத பங்கை விற்றால் அன்றே திரும்ப வாங்கிக் கணக்கை முடித்தாக வேண்டும். ராத்திரிக்கு வைத்திருக்க முடியாது. ஆகவே தினசரி சார்ட்டில் ஸ்டார் உறுதியானது என்று பல நாள் ஷார்ட் பிடிக்க ஆசைப்படுகிறவர் ஃபியூச்சர்ஸ் அல்லது ஆப்ஷனுக்குத்தான் போக வேண்டும். அந்தச் சந்தையில் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் தனிநபர் வியாபாரிகளில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியே 2024இல் சொன்னது. இதனால் ஸ்டார், பங்கை ஏற்கெனவே வைத்திருப்பவருக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. 340இல் வாங்கி வைத்திருப்பவர், 396இல் உறுதி வந்த நாளில் பாதியை விற்றுவிட்டு, மிச்சத்துக்கு ஸ்டாப் லாஸை முந்தைய சிறிய தாழ்வுக்குக் கீழே ஏற்றி வைக்கலாம். அதன் பிறகு விலை 415ஐத் தாண்டி முடிந்தால், மிச்சப் பாதி அவர் கையில்தான் இருக்கும்.